அக்காவின் வசனங்களுக்கு நான் போட்ட புள்ளிகள்

அக்காவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம், முடிந்த கையோடு நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போனால் அக்காவின் குரலைக் கேட்க வேண்டும். குரல் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். வேலை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சேலைக் கடைக்கு மேல்மாடி. பஸ்ஸில் போய்க் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ரயிலேறினால் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். இரண்டு வருடமாக நானும் அக்காவும் ஒன்றாகத்தான் போய்வந்தோம். அவ ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம். அன்றைக்குத் தனியாக இறங்கி நடந்தபோது மாடிப்படிக்குக் கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற சிங்கள ஐயா கேட்டார்.

"அக்கா கோ, மல்லி?"

தம்பி, அக்கா எங்கே என்று கேட்கிறார். அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "கெதர" என்றேன். வீட்டில் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு வழக்கம்போல இரண்டு ப்ளேன்டீ ஊற்றினார். இரண்டையும் மேலே கொண்டுபோய் இரண்டையும் நானே குடித்தேன்.

எங்கள் வேலை இதுதான். யூடியூபில் ஒரு கதைச் சனல். நடிகர்களும் இல்லை, அரசியலும் இல்லை. பார்க்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எழுதி அனுப்புவார்கள். அக்கா அதைத் திருத்தி, தன் வாயில் வருகிற மாதிரி எழுதி, வாசிப்பா. நான் அந்தக் குரலை வெட்டி ஒட்டி, படங்கள் போட்டு, மெல்லிய இசை வைத்து ஏற்றுவேன். கனடாவிலும் லண்டனிலும் வேலைக்குப் போகிற வழியில் கேட்கிற சனம் நிறைய. சனலை நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல். நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம். நான் ஓ.எல். பரீட்சை எழுதவில்லை. மருதானையில் ஒரு ஃபோன் கடையில் நின்றபோது ஃபோனிலேயே எடிட்டிங் பழகினேன். அக்காதான் அண்ணாவிடம் சொல்லி என்னை உள்ளே எடுத்தா.

அக்கா வாசிக்கும் அறையில் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள் ஒட்டியிருக்கும். கடற்கரை ரயில் வரும் சத்தம் கேட்டால் வசனத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவா. ரயில் போனதும் அந்த வசனத்தை முதலிலிருந்து பிடிப்பா. வாசிக்கும்போது பிழைவிட்டால் விரலைச் சொடுக்குவா. சொடுக்கினால் கம்ப்யூட்டரில் குரல் ஓடுகிற கோட்டில் ஒரு முள் மாதிரி எழும்பும். அந்த முள்ளைத் தேடிப்போய், அதற்கு முன்னால் உள்ள பிழையை வெட்டிவிடுவேன். இது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த பாஷை.

கடைசியாக வாசித்ததில் முட்கள் நிறைய. மூச்சு வாங்கி வாங்கி நிறைய இடத்தில் பிழைவிட்டா. முடிவுக்கு வரும்போது சொடுக்க விரலில் பலம் இல்லை. மேசையில் தட்டினா. அந்தத் தட்டல் முள்ளாக எழும்பவில்லை. ஒரு மண் மேடு மாதிரி இருந்தது.

அந்தப் பதிவு இன்னும் ஏற்றப்படவில்லை. நான் திரும்பிப் போனது அதற்காகவும்தான்.

அண்ணா என்னைக் கண்டதும் எழும்பி வந்து தோளைப் பிடித்தார். பிறகு, "சாப்பிட்டியே?" என்றார். "ஓம்" என்றேன். அது பொய். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் லப்டப்போடு இருந்தா. முக்காடு போட்டிருந்தா, என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். பாமன்கடைப் பகுதியில் குடியிருக்கிறா, கம்பனிகளுக்குக் கணக்குப் பார்த்து, எந்த விளம்பரத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள், எதற்கு ஓடுகிறார்கள் என்று சொல்கிற வேலை.

"ராத்தா எண்டு கூப்பிடு," என்றார் அண்ணா. முஸ்லிம் சனம் அக்காவுக்குச் சொல்கிற வார்த்தை. "எங்களுக்கு ஒரு உதவி செய்ய வந்திருக்கிறா. சனல் விழுது, தம்பி. கடைசி நாலைஞ்சு வீடியோவும் ஆக்கள் தொடக்கத்திலேயே எழும்பிப் போகினம். ஏன் எண்டு பாக்கவேணும்."

ராத்தா லப்டப்பை என் பக்கம் திருப்பினா. அதில் இருந்த கோட்டை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீடியோவுக்கும் அப்படி ஒன்று வரும். தொடக்கத்தில் எல்லாரும் இருப்பார்கள், நேரம் போகப்போக எத்தனை பங்கு பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தக் கோடு காட்டும். எந்த வீடியோவிலும் அது கீழேதான் இறங்கும். சில இடத்தில் மெதுவாக இறங்கும், சில இடத்தில் படிக்கட்டில் தடுக்கியது மாதிரி விழும். சில இடத்தில் கொஞ்சம் எழும்பும். எழும்பினால், ஆட்கள் பின்னுக்கு இழுத்து அந்த இடத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இதுக்கு மேல நான் இன்னொரு கோடு போடப் போற," என்றா ராத்தா. "அக்கா எழுதின ஸ்கிரிப்ட வசனம் வசனமா பிரிச்சி, ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி. நல்ல சோகமெண்டா மைனஸ் ரெண்டு. நல்ல சந்தோஷமெண்டா ப்ளஸ் ரெண்டு. ரெண்டுமில்லாட்டி சைபர். எந்த வசனம் எத்தின செக்கன்ல தொடங்குதெண்டு உங்கட எடிட்ல ஈக்கும்தானே. அந்த நேரத்துல அந்தப் புள்ளிய வெச்சா, ரெண்டு கோட்டையும் மேல மேல வெச்சிப் பாக்கலாம்."

"கம்ப்யூட்டரே போடாதா?"

"போட்டுப் பாத்த. அதுக்கு எங்கட பேச்சு வெளங்குதில்ல. அரைவாசிக்கு மேல சைபர் குடுத்திரிச்சி. ஒரு கதையில வீடே எரியுது, அதுக்கும் சைபர்."

அண்ணா சிரித்தார். "எங்கட அரசாங்கம் மாதிரி."

ஆகவே கையால் போடுவது என்று முடிவு. ஒருவர் மட்டும் போட்டால் அவருடைய மனம் போல வந்துவிடும், ஆகவே இரண்டு பேர் ஒருவருடையதை ஒருவர் பார்க்காமல் போடவேண்டும், பிறகு இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாம் என்றா ராத்தா. ஒருவர் அவ. மற்றவர் நான், ஏனென்றால் வசன நேரங்கள் என்னிடம்தான் இருந்தன, எனக்கு வேறு வேலையும் இருக்கவில்லை. ஒரேயொரு விதி சொன்னா. எழுத்தை மட்டும் வாசிக்க வேண்டும். குரலைப் போட்டுக் கேட்கக் கூடாது.

நான் குரலைப் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை.

முதலில் பழைய கதைகள். அதெல்லாம் சுகமாகப் போனது. ஒரு மாமா கலியாண வீட்டில் வேறு ஆளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த கதைக்கு வரிசையாக ப்ளஸ் போட்டேன். பிறகு அக்காவுக்கு நோய் வருத்தம் வந்த பிறகு எழுதிய கதைகள். அவற்றைத் தொட்டதும் என் கை மெதுவானது. "அடுப்பைப் பத்த வைச்சிட்டுக் கதவடியில வந்து நிண்டன்." இந்த வசனத்தில் என்ன சோகம் இருக்கிறது? எனக்கு இருந்தது. அதை எழுதிய அன்றைக்கு அக்கா ரயிலில் நிற்க முடியாமல் தரையில் இருந்தா. மைனஸ் ரெண்டு. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மா வாங்க வந்தது." மைனஸ் ஒண்டு. "மழை விட்டிட்டுது." மைனஸ் ரெண்டு. அந்த வசனத்தை வாசித்துவிட்டு அவ தண்ணீர் கேட்டா.

அப்போது எனக்கு இதெல்லாம் சரியாகத்தான் பட்டது. ஒவ்வொரு வசனத்தையும் நன்றாக விளங்கிக்கொண்டு போடுகிறேன் என்று நினைத்தேன்.

கடைசிப் பதிவின் ஸ்கிரிப்டுக்கும் போட்டேன். அது வத்தளையிலிருந்து ஒரு அம்மா அனுப்பிய கதை. நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஒரே நேரத்துக்கு வேலைக்குப் போகிறா. அதே பஸ்ஸில், அதே இருக்கையில், பக்கத்தில் இன்னொரு பெண். பல வருடம். இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் மற்றவ வரவில்லை. பிறகு வரவே இல்லை. பெயர்கூடத் தெரியாதபடியால் யாரிடம் போய் விசாரிப்பது என்று இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பல மாதம் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டே போனா. கதை அவ்வளவுதான். அக்கா அதைத் தேர்ந்தெடுத்தபோது, "இதில ஒண்டும் நடக்கேல்லையே" என்று நான் சொன்னேன். "அதுதான்டா" என்றா.

அந்தக் கதை முழுக்க மைனஸ் போட்டேன். ஒரு சைபரும் இல்லை.

ராத்தா இரண்டு பேருடைய புள்ளியையும் கூட்டிப் பாதியாக்கி, சுவரில் மாட்டியிருந்த பெரிய டீவியில் போட்டுக் காட்டினா. நீலக் கோடு ஆட்கள். சிவப்புக் கோடு அக்காவின் வசனங்கள். புதிய வீடியோக்களில் சிவப்பு கீழே கிடந்தது. நீலமும் தொடக்கத்திலேயே விழுந்து கிடந்தது. அண்ணா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"ரெண்டும் ஒண்டா விழுதே."

"பொறுங்க," என்றா ராத்தா. "விழுற எல்லாம் ஒண்டுக்கொண்டு சம்பந்தமெண்டு சொல்ல ஏலாது. நீலம் எப்பவும் விழுறதுதான். கத முடிவுக்குப் போகப்போக சோகமாகிறதும் வழமதான். ரெண்டு பேர் ஒரே படியால எறங்கினா, ஒராள் மத்தாளத் தள்ளினதெண்டு அர்த்தமா? எந்த எடத்துல வழமய விட வேகமா விழுதெண்டுதான் பாக்கோணும்."

"எனக்குக் கண்ணால காணுறது போதும், பிள்ளை. சனம் அழுறதுக்கு வாறேல்ல. நாள் முழுக்க வேலை செய்திட்டு வாறவை. சோகத்தைக் கண்டால் எழும்பிப் போகினம்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "தம்பி, அந்தக் கடைசிப் பதிவிலயும் மைனஸ் ஒண்டும் அதுக்குக் கீழயும் விழுந்த வசனமெல்லாத்தையும் வெட்டு. மிச்சத்தைக் கோர்த்துப் பாப்பம். அவளின்ர கடைசிக் குரலை ஆக்கள் பாதியில விட்டிட்டுப் போறதை என்னால பாக்கேலாது."

சொல்லிவிட்டு அக்கா வாசிக்கிற அறையின் கதவை இழுத்துச் சாத்தினார். ஆகவே என்னால் எதிர்த்துக் கதைக்க முடியவில்லை. அண்ணா கெட்டவரில்லை. அவர் அந்தப் பதிவை முழுதாக ஒரு தரமும் கேட்டிருக்கவில்லை.

நான் வெட்டினேன். பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசனத்தைப் பார்த்து, வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி. எனக்குக் கைவந்த வேலை. "அண்டைக்கும் இடம் பிடிச்சு வைச்சன்" போனது. "அவ ஏறேல்லை" போனது. "பேரையாவது கேட்டிருக்கலாம்" போனது. வெட்டி முடித்ததும் ஒரு அம்மா பஸ்ஸில் ஏறுகிறா, ஜன்னலால் பார்க்கிறா, இறங்குகிறா. பக்கத்தில் யாரோ இருந்தது மாதிரி ஒரு இடத்தில் தெரிந்தது, பிறகு இல்லை.

அண்ணா ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். "பாரமில்லாமல் இருக்கு," என்றார். "வெள்ளிக்கிழமை ஏத்துவம்."

நான் மாடியின் பின்பக்கத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்து கடல் ஒரு கோடு அளவுக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதை வெட்டுவது என்று அண்ணா தீர்மானிக்கவில்லை, ராத்தா தீர்மானிக்கவில்லை. அந்த மைனஸெல்லாம் பெரும்பாலும் நான் போட்டது. அக்காவை எங்கெங்கே நான் அதிகமாகக் கேட்டேனோ, சரியாக அங்கங்கே வெட்டியிருக்கிறேன்.

ராத்தா சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ வெளியே வந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறக்காமல் நின்றா.

"ராத்தா, நான் போட்ட புள்ளி சரியா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

அவ சும்மா விடவில்லை. உள்ளே போய் எங்கள் இருவருடைய புள்ளிகளையும் தனித்தனிப் பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. பழைய கதைகளில் இரண்டு பத்தியும் அநேகமாக ஒன்று. நான் ப்ளஸ் என்றால் அவவும் ப்ளஸ். வருத்தம் வந்த பிறகு எழுதிய கதைகளில் அவ சைபர், சைபர், சைபர் என்று போட்டுக்கொண்டு போகிறா. என் பத்தி முழுக்க மைனஸ். பஸ் கதையில் மற்றப் பெண் வராமல் போகிற இடத்தில் மட்டும் அவவும் மைனஸ் போட்டிருந்தா.

"மழ விட்டதுக்கு மைனஸ் ரெண்டா?" என்றா. குரலில் பகிடி இருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டா. "தம்பி, நீங்க வாசிக்கல்ல. கேட்டீக்கிறீங்க."

"நான் குரலைப் போடேல்லை, ராத்தா."

"போடத் தேவல்லயே."

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, இருந்தா. பிறகு, "பிழ என்ட பக்கமும்தான். ரெண்டு பேர் இவ்வளவு தூரம் வேறுபட்டா, கூட்டிப் பாதியாக்கக் கூடாது, ஏனெண்டு கேட்டீக்கோணும். நான் கேக்கல்ல. நீங்க நல்லா தமிழ் வெளங்கின ஆள் எண்டு நெனச்ச," என்றா.

அவ செய்தது இதுதான். அக்காவின் எல்லாக் கதைகளின் வசனங்களையும் பிய்த்து, வேறு சனல்காரர்களின் வசனங்களையும் சேர்த்து, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, எந்தக் கதையிலிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்குத் தந்தா. சிலதை நான் கண்டுபிடித்துவிட்டேன். விரலைத் திரையில் வைத்து, "இது அவதான்" என்றேன். "சொல்லாதீங்க, போடுங்க," என்றா. ஆனால் நிறைய வசனங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அக்கா எழுதிய வசனம் ஒன்று எனக்கு முன்னால் நிற்கிறது, யாருடையது என்று தெரியாமல் சைபர் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். மழை விட்ட வசனத்துக்கு ப்ளஸ் ஒண்டு போட்டிருந்தேன் என்று பிறகு பார்த்தோம்.

அந்தப் புள்ளிகளோடு சிவப்புக் கோட்டைத் திரும்பக் கீறினா. இந்த முறை அது கீழே கிடக்கவில்லை. நடுவில், கொஞ்சம் மேலும் கீழுமாகப் போனது. சோகம் வருகிற இடங்களில் நீலக் கோடு வழமையைவிட வேகமாக விழவில்லை. ஒன்றிரண்டு இடங்களில் மெதுவாகக்கூட இருந்தது. அதை வைத்துச் சோகம் ஆட்களைப் பிடித்து வைக்கிறது என்றும் சொல்ல முடியாது, அதற்குக் கதைகள் போதாது என்றா. சோகம்தான் துரத்துகிறது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"அப்ப ஏன் தொடக்கத்திலேயே விழுது?" என்று கேட்டேன். அது மட்டும் அப்படியே இருந்தது. கடைசி நாலைந்து வீடியோவிலும் முதல் நிமிடத்துக்குள் பாதிப் பேர் இல்லை. அதில் சோகமான வசனமே இன்னும் வந்திருக்காது.

ராத்தா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. "இது எப்பயிலருந்து எப்ப வரைக்கும் பாத்தவங்கட கோடு?" என்று தனக்குத்தானே கேட்டா. வீடியோ ஏற்றிய நாளிலிருந்து இன்றுவரை பார்த்த எல்லாரையும் சேர்த்து வந்த கோடு அது. எந்த நாள்களில் பார்த்தவர்கள் என்று பிரித்தும் எடுக்கலாம். அக்கா போன செய்தியை அண்ணா சனலில் படத்தோடு போட்ட நாளைக் கேட்டா. சொன்னேன். அதற்கு முதல் நாள் வரை மட்டும் எடுத்தா. நீலக் கோடு நிமிர்ந்துவிட்டது. பழைய கதைகளைப் போலவே, மெதுவாக, ஒழுங்காக. பிறகு அந்த நாளுக்குப் பிந்தியதை மட்டும் எடுத்தா. தொடக்கத்திலேயே மலையிலிருந்து விழுந்தது மாதிரி. எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், முன்பு ஒருநாளும் வராத அளவு.

"வந்தீக்காங்க," என்றா ராத்தா. "நெறய வந்தீக்காங்க. ஏன் நிக்கல்லயெண்டுதான் வெளங்கல்ல."

எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டு வாசலில் நான் நின்றேனே. கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்கச் செருப்பு. ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். அக்காவின் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மாவின் கையைப் பிடிப்பார்கள். சிலர் கதிரையில் ஒரு நிமிடம் இருப்பார்கள், சிலர் இருக்கவும் மாட்டார்கள். பிறகு எழும்பிப் போவார்கள். செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல்தான் போக வேண்டும்.

"அவை கதை கேட்க வரேல்லை, ராத்தா," என்றேன். "முகம் பாக்க வந்தவை. குரலைக் கேட்டிட்டுப் போயிட்டினம்."

அவ அந்தக் கோட்டைத் திரும்பப் பார்த்தா. "இன்னாலில்லாஹ்," என்றா மெதுவாக. சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற அந்தச் சொல்லை, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவ வாசலில் சொல்லியிருப்பா.

அண்ணாவுக்கு இரண்டு கோட்டையும் காட்டினோம். அவர் செய்திக்கு முந்தியதையும் பிந்தியதையும் மாறி மாறிப் போடச் சொன்னார்.

"அப்ப நான் போட்ட அறிவித்தல்தான் இதை விழுத்தினது."

"நீங்க விழுத்தல்ல," என்றா ராத்தா. "கூட்டி வந்தீங்க."

"நான் பஸ் கதையை முழுசாப் போடப்போறன், அண்ணா," என்றேன். நான் அவரிடம் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை. "வெட்டின எல்லாத்தையும் திரும்ப வைக்கப்போறன். அந்தக் கதையில ஒராள் வராமல் போகவேணும். இல்லாட்டி அது கதையில்லை."

"முழுசாப் போட்டாலும் இது விழும். இதுக்கும் எல்லாரும் முகம் பாக்கத்தான் வருவினம்."

"ஓம். விழும்."

"பிறகு எனக்கு முன்னால வந்து இருந்து அழுவாய்."

"அழுவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கடைசிக் குரல் எண்டு தலைப்பில போட்டால் இன்னும் கனபேர் திறப்பினம்," என்றார். கேட்பது மாதிரியும் இருந்தது, கேட்காதது மாதிரியும் இருந்தது.

"அக்கா தலைப்பு எழுதி வைச்சவ, அண்ணா. பக்கத்து சீட் எண்டு."

"அதையே போடு," என்றார். "படத்துக்கு மாலை ஒண்டும் போடாத."

வெட்டிய வசனங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். விரல் சொடுக்கிய முட்களை வழமைபோல எடுத்தேன். மேசையில் தட்டிய அந்த மேட்டையும் எடுத்தேன். அதை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அது எனக்கு வெட்டச் சொல்லி அவ காட்டிய அடையாளம். அவ சொன்னதைத்தான் செய்தேன்.

ஏற்றிய அன்றைக்கு ராத்தா ஒரு செய்தி அனுப்பினா. கோடு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதுவரைக்கும் திறந்து திறந்து பார்க்க வேண்டாம் என்று. பின்னேரம் ரயிலில் கதவுப் பக்கம் நின்று வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணிக் கடை ஐயாவிடம் அன்றைக்குக் காலைதான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் சல்லி வாங்கவில்லை.

வீட்டில் அம்மா குசினியில் வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. ஃபோன் உப்புப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தது. நான் சொல்லவில்லை, யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் குரல் குசினி முழுக்க இருந்தது. பஸ் பேலியகொடைப் பாலத்தில் ஏறுகிறது. இரண்டு பேரும் கதைக்காமல் இருக்கிறார்கள். நான் வாசலில் நின்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா. முகத்தில் ஒன்றும் இல்லை.

மற்றப் பெண் வராமல் போகிற இடம் வர இன்னும் இரண்டு வசனம் இருந்தது. எனக்கு அந்த இடம் மனப்பாடம். அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஃபோனை எடுத்து, நிறுத்தினா. கவிழ்த்து வைத்தா. பிறகு ஒன்றும் சொல்லாமல் வாழைக்காயை எடுத்தா.

"முழுக்கக் கேக்கேல்லையா, அம்மா?"

"காணும், இது போதும்," என்றா. "குரல் நல்லா இருக்கு. கையைக் கழுவிப்போட்டு வா."

கோடு வந்தபோது அண்ணாவும் ராத்தாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். விழுந்திருந்தது, நாங்கள் நினைத்த மாதிரியே. அண்ணா ஒரு பெருமூச்சு விட்டார். நான் மட்டும் அந்த வராமல் போகிற இடத்துக்கு இரண்டு வசனம் முந்தியதைத் தேடிப்போய்ப் பார்த்தேன். அங்கே தனியாக ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ பேருக்குள் ஒரு ஆள் எழும்பிப் போனால் தெரியாது. கோடு அந்த இடத்தில் வழமைபோலக் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் அம்மாவும் இருக்கிறா.